வீட்டுக்கு இடிதாங்கியும் எர்த் குழியும்: மண்ணை அளப்பதிலிருந்து கடைசி ரீடிங் வரை

மொட்டைமாடியில் ஒரு கம்பியை நட்டு, அதிலிருந்து ஒரு ஒயரை இறக்கி, குழி தோண்டிக் கரியும் உப்பும் போட்டு மூடிவிட்டால் இடிதாங்கி ஆகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்ததில் பெரும்பாலும் இரண்டு ஓட்டைகள் இருக்கும். நடுவில் நிற்கும் ஒற்றைக் கம்பி மாடியின் மூலைகளைக் காப்பதில்லை. சரளை மண்ணில் தோண்டிய குழி, கேட்கும் ஓமுக்கு இறங்குவதில்லை. இந்த இரண்டையும் வரிசையாகச் சரிசெய்வதுதான் இந்த வழிகாட்டி.

ஒரு வீட்டையே எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். 9 மீட்டர் அகலம், 12 மீட்டர் நீளம், தரைத்தளமும் முதல் மாடியும். மொட்டைமாடித் தளம் 7 மீட்டர் உயரத்தில். கைப்பிடிச் சுவரின் மேல்மட்டம் 8 மீட்டர். ஒரு மூலையில் படிக்கட்டு ஹெட்ரூம், அதன் தளம் 9.4 மீட்டர். அதற்கு மேல் பிளாஸ்டிக் தண்ணீர் டேங்க், அதன் உச்சி 10.7 மீட்டர். மண் செம்மண் கலந்த சரளை. மும்முனை இணைப்பு. தமிழ்நாட்டில் சாதாரணமாகப் பார்க்கும் வீடுதான்.

இந்தியாவில் இடிதாங்கிக்கு ஐஎஸ்/ஐஇசி 62305, எர்த்திங்குக்கு ஐஎஸ் 3043 என்று இரண்டு தரநூல்கள் உள்ளன. இடிதாங்கித் தரநூல் பாதுகாப்பை நான்கு வகுப்பாகப் பிரிக்கிறது. இங்கே மூன்றாம் வகுப்பை எடுத்துக்கொள்கிறேன், சாதாரண வீட்டுக்கு அது போதும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அளக்கும் கருவிதான் முதலில். நான்கு முனை எர்த் டெஸ்டர் ஒன்றை வாடகைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று முனை மட்டும் உள்ளதை வாங்கினால் மண்ணின் தன்தடையை, அதாவது அந்த மண் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதை, அளக்க முடியாது. அதோடு நூறு மீட்டர் நீள ஒயர் சுருள் ஒன்றும் வேண்டும். டெஸ்டரோடு வரும் ஒயர் பெரும்பாலும் கடைசி அளவீட்டுக்குப் போதாது.

பொருள்களில் ஹாட் டிப் ஜி.ஐ. பட்டை இரண்டு அளவில் தேவை. மாடியிலும் சுவரிலும் ஓட 25×3 மி.மீ. பட்டை சுமார் 75 மீட்டர். மண்ணுக்குள் போக 25×6 மி.மீ. பட்டை சுமார் 65 மீட்டர். மண்ணில் துரு தின்றுகொண்டே இருக்கும், அதனால்தான் அங்கே இரு மடங்கு தடிமன். எடை போட்டு வாங்குவதானால் 25×6 பட்டை மீட்டருக்குக் கிட்டத்தட்ட 1.2 கிலோ வரும். அதைவிடக் குறைவாக இருந்தால் தடிமன் ஏமாற்று.

மண்ணில் இறக்க 40 மி.மீ. ஜி.ஐ. பைப், 3 மீட்டர் நீளத்தில் மூன்று. பட்டையும் பைப்பும் ஒரே உலோகமாக இருக்கட்டும். செம்பு பூசிய ராடையும் ஜி.ஐ. பட்டையையும் ஈரமண்ணில் சேர்த்து இணைத்தால் செம்பு தப்பிக்கும், ஜி.ஐ. கரையும். செம்பு என்றால் முழுக்கச் செம்பு, ஜி.ஐ. என்றால் முழுக்க ஜி.ஐ.

அலுமினியப் பட்டை விலை குறைவு என்று சிலர் வாங்குகிறார்கள். அதை மாடிக்கு மேல் பயன்படுத்தலாம், ஆனால் மண்ணிலோ சிமெண்ட் பூச்சுக்குள்ளோ வைக்கக் கூடாது. சுண்ணாம்புத்தன்மை அதை அரித்துவிடும்.

2. முதலில் மண்ணை அளக்கவும்

எத்தனை குழி, எவ்வளவு ஆழம் என்று மேஸ்திரி சொல்வதற்கு முன் மண் சொல்ல வேண்டும். அதே 3 மீட்டர் பைப், களிமண்ணில் 5 ஓம் காட்டலாம், சரளையில் 35 ஓம் காட்டலாம்.

டெஸ்டரின் நான்கு முளைகளையும் நேர்கோட்டில், சம இடைவெளியில் அடியுங்கள். இடைவெளி 3 மீட்டர் என்றால் முளை மண்ணுக்குள் 15 செ.மீ.க்கு மேல் போக வேண்டாம். ஆழமாக அடித்தால் சூத்திரம் பொருந்தாது. நடு இரண்டு முளைகள் மின்னழுத்தத்தைப் படிக்கும், ஓர இரண்டும் மின்சாரத்தைச் செலுத்தும். வரும் ரீடிங்கை R என்றும் இடைவெளியை a என்றும் கொண்டால், தன்தடையான ρ இப்படி வரும்:

```
ρ = 2 × π × a × R
```

நம் வீட்டு மண்ணில் 3 மீட்டர் இடைவெளிக்கு 6.4 ஓம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தன்தடை சுமார் 120 ஓம்-மீட்டர். பிறகு இடைவெளியை 1.5 மீட்டராக்கி மீண்டும் அளக்கவும். அப்போது 12.2 ஓம் வந்தால் தன்தடை 115. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, ஆகவே மேல்மண்ணும் கீழ்மண்ணும் ஒரே மாதிரி.

இந்த இரண்டாவது அளவை விட்டுவிடாதீர்கள். இடைவெளி கூடக் கூடத் தன்தடை ஏறிக்கொண்டே போனால் கீழே பாறை இருக்கிறது என்று அர்த்தம். அங்கே போர்வெல் வண்டி வைத்து ஆழத் துளைத்தாலும் பயன் குறைவு. இறங்கிக்கொண்டே போனால் கீழே ஈரம் இருக்கிறது, அங்கே நீளமான பைப் கைகொடுக்கும்.

3. குழியா, வளையமா: காகிதத்தில் முடிவெடுக்கவும்

ஒரு நிமிர்ந்த பைப்பின் எர்த் தடையைக் கணக்கிடும் சூத்திரம் இது. L என்பது மண்ணுக்குள் உள்ள நீளம், d என்பது பைப்பின் வெளிவிட்டம், இரண்டும் மீட்டரில்:

```
R = ρ / (2 × π × L) × (ln(8L/d) − 1)
```

தன்தடை 120, நீளம் 3, வெளிவிட்டம் 0.048 என்று போட்டால் சுமார் 33 ஓம். மூன்று பைப்பைத் தள்ளித் தள்ளி இறக்கி இணைத்தால் மூன்றில் ஒரு பங்கான 11 ஓம் வர வேண்டும். ஆனால் ஒரு பைப்பின் மின்சாரம் பரவும் மண்ணிலேயே மற்றதன் மின்சாரமும் பரவுவதால் நடைமுறையில் 12, 13 ஓம்தான் கிடைக்கும். தரநூல் பரிந்துரைப்பது முடிந்தவரை 10 ஓமுக்குக் கீழ். மூன்று குழி தோண்டியும் எட்டவில்லை.

இப்போது குழிக்குப் பதிலாக வீட்டைச் சுற்றி, சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி, ஒரு பட்டையை வளையமாகப் புதைப்பதைப் பாருங்கள். வளையம் 11×14 மீட்டர், சூழும் பரப்பு A 154 சதுர மீட்டர். D என்பது அதே பரப்புள்ள வட்டத்தின் விட்டம்:

```
D = 1.13 × √A = 14 மீட்டர்
R = 2ρ / (3D) = 240 / 42 = 5.7 ஓம்
```

பைப்பே இல்லாமல், அரை மீட்டர் ஆழக் கால்வாயில் கிடக்கும் பட்டை மட்டும் 5.7 ஓம் தருகிறது. காரணம் எளிது. தடையைத் தீர்மானிப்பது ஆழத்தைவிட, மின்சாரம் பரவக் கிடைக்கும் மண்ணின் பரப்பு. இந்த மண்ணுக்கு என் பரிந்துரை வளையம்தான். மூன்று பைப்பையும் அதன் மூலைகளில் சேர்த்துக்கொள்வோம், மேல்மண் காயும் கோடையில் அவை உதவும்.

வளையத்துக்கு இன்னொரு பலனும் உண்டு. இடி இறங்கும் நேரத்தில் வீடு மொத்தமும் ஒரே மின்னழுத்தத்தில் ஒன்றாக ஏறி இறங்கும். வீட்டின் ஒரு பக்கம் ஓர் அளவிலும் மறுபக்கம் இன்னோர் அளவிலும் இருக்காது.

சுற்றிலும் இடம் இல்லாத, அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டிய மனைகளில் வளையம் முடியாது. அங்கே மாடியிலிருந்து மண்ணுக்கு வரும் ஒவ்வொரு இறங்கு பட்டைக்கும் ஒரு பைப் என்று வைக்க வேண்டும். மூன்றாம் வகுப்புக்குத் தரநூல் கேட்பது பைப் ஒன்றுக்குக் குறைந்தது 2.5 மீட்டர், மொத்தம் குறைந்தது இரண்டு பைப். அவற்றுக்கு நடுவே பைப் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு இடைவெளி விடவும்.

4. எர்த் வேலை முதலில், மாடி வேலை பிறகு

இந்த வரிசையை மாற்றக் கூடாது. மாடியில் கம்பி நின்று, கீழே எர்த் இல்லாமல் ஒரு மழைக்காலம் கடந்தால், அந்தக் கம்பி இடியை வீட்டுக்குள் அழைத்து வரும் வழியாகிவிடும். ஏப்ரல், மே கோடை மழைக்கு முன் எர்த் முடிந்திருக்க வேண்டும் என்று திட்டமிடுங்கள்.

கால்வாய் 60 செ.மீ. ஆழம் இருக்கட்டும். தரநூல் குறைந்தது அரை மீட்டர் என்கிறது. அதற்கு மேலே உள்ள மண் கோடையில் காய்ந்துவிடும், பிறகு ஒருநாள் செடி நடக் கொத்தும்போது மண்வெட்டியும் பட்டையில் படும். தோண்டும் முன் செப்டிக் டேங்க், தண்ணீர்க் குழாய், மெயின் கேபிள் எங்கே போகிறது என்று சுண்ணாம்பில் கோடு போட்டுக்கொள்ளவும்.

மூலைகளில் பைப்பை இறக்கும்போது சரளை தடுக்கும். கடப்பாரையால் அடித்து இறக்கினால் பைப்பின் வாய் பிளந்து துத்தநாகப் பூச்சும் உரிந்துவிடும். கை ஆகரால் சுமார் 15 செ.மீ. விட்டத்தில் துளை போட்டு, பைப்பை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் பென்டோனைட் என்ற களிமண் தூளைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக ஊற்றுவதுதான் நல்ல வழி. அந்தக் கூழ் உப்பி, பைப்புக்கும் மண்ணுக்கும் நடுவே காற்றிடைவெளி இல்லாமல் அடைத்து ஈரத்தையும் பிடித்து வைக்கும்.

உப்பும் கரியும் பற்றி ஒரு வார்த்தை. உப்பு போட்ட மறுநாள் ரீடிங் அழகாக இறங்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு மழையிலும் உப்பு கரைந்து போய்விடும், போகும் வழியில் ஜி.ஐ. பைப்பையும் அரித்துவிட்டுப் போகும். சில ஆண்டுகள் கழித்துப் பைப் இருக்க வேண்டிய இடத்தில் துருத்தூள்தான் கிடைக்கும். புதிய குழியில் உப்பு வேண்டாம்.

பட்டையைப் பட்டையோடு இணைக்க, ஒன்றன்மேல் ஒன்று 5 செ.மீ. ஏறும்படி வைத்து நான்கு பக்கமும் வெல்டிங் செய்யவும். வெல்டிங்கில் துத்தநாகம் எரிந்துபோயிருக்கும், அதன் மேல் துத்தநாகப் பெயிண்ட் அடித்து, அதற்கு மேல் தார் பூசவும். மண்ணுக்கடியில் நட்டு போல்ட் இணைப்பு மட்டும் போதாது. வெளியே எடுத்துப் பார்க்க முடியாத இடத்தில் அது தளர்ந்தால் யாருக்கும் தெரியாது.

மூடும்போது தோண்டி எடுத்த கல்லையும் கட்டட இடிபாடுகளையும் பட்டையின் மேல் போடாதீர்கள். சலித்த செம்மண்ணைச் சுற்றிலும் ஒரு சாண் அளவு போட்டு, தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இடித்த பிறகுதான் மற்றது. பட்டையின் நீளத்தில் குறைந்தது 80 சதவீதம் மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இடிபாட்டுக்குள் கிடக்கும் பட்டை மண்ணில் இருப்பதாகக் கணக்கில் வராது.

வளையத்திலிருந்து நான்கு இடங்களில் பட்டையை மேலே கொண்டுவந்து விடவும். மூன்று, இறங்கு பட்டைகளுக்கு. நான்காவது, மெயின் போர்டுக்கு. அந்த நான்காவதை மறந்துவிட்டு, சிமெண்ட் தளம் போட்ட பிறகு உடைப்பவர்கள் நிறைய.

5. மாடியில் கம்பி எங்கே நிற்க வேண்டும்

பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான். வீட்டின் மிக உயரமான இடத்தில் ஒரு நீளக் கம்பி வைத்தால் அது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம். அதைச் சரிபார்க்கத் தரநூல் ஒரு வழி தருகிறது. மூன்றாம் வகுப்புக்கு 45 மீட்டர் ஆரமுள்ள ஒரு கோளத்தை வீட்டின் மேலும் சுற்றிலும் உருட்டுவதாகக் கற்பனை செய்ய வேண்டும். கோளம் தொடும் இடமெல்லாம் இடி விழக்கூடிய இடம். கம்பியைத் தவிர வேறு எதையும் அது தொடாதபடி கம்பிகளை நிறுத்த வேண்டும்.

நம் வீட்டில் ஹெட்ரூம் சுவரோடு ஒரு கம்பத்தை நிறுத்தி, நுனி தரையிலிருந்து 13 மீட்டர் வரும்படி வைக்கிறோம். கோளம் கம்பத்தின் நுனியையும் தரையையும் தொட்டு நிற்கும்போது, குறிப்பிட்ட உயரத்தில் எவ்வளவு தூரம் பாதுகாப்பு என்று இப்படிக் கணக்கிடலாம். H என்பது நுனியின் உயரம், z என்பது காக்க வேண்டிய பொருளின் உயரம்:

```
x = √(H(90 − H)) − √(z(90 − z))
```

டேங்கின் உச்சியான 10.7 மீட்டருக்கு x = 2.5 மீட்டர். கம்பம் டேங்கை ஒட்டி நிற்பதால் அது பாதுகாப்புக்குள் வந்துவிடுகிறது. ஆனால் கைப்பிடிச் சுவரின் 8 மீட்டர் உயரத்துக்கு x வெறும் 6 மீட்டர். எதிர் மூலையோ கம்பத்திலிருந்து கிட்டத்தட்ட 13 மீட்டர் தள்ளி இருக்கிறது. ஐந்து மீட்டர் நிமிர்ந்து நிற்கும் கம்பம் தன் வீட்டு மூலையையே காக்கவில்லை. இடி விழும்போது மூலைச் சுவர் பெயர்ந்து விழுவது இதனால்தான்.

இப்போது மற்ற மூன்று மூலைகளிலும் கைப்பிடிச் சுவர்மேல் 1 மீட்டர் உயரக் குட்டைக் கம்பி ஒவ்வொன்று வையுங்கள். 12 மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு கம்பிகளின் மேல் கோளம் உட்கார்ந்தால் நடுவில் 40 செ.மீ. மட்டுமே தொய்யும். 15 மீட்டர் மூலைவிட்டத்திலும் 63 செ.மீ.தான். அதாவது சுவர் மட்டத்துக்கு மேலும் ஒரு சாணுக்குக் குறையாமல் இடைவெளி மிஞ்சுகிறது. மூலைக்கு ஒரு குட்டைக் கம்பி செய்யும் வேலையை நடுவில் நிற்கும் பனைமர உயரக் கம்பம் செய்யாது.

பிறகு எல்லாக் கம்பிகளையும் இணைத்து, கைப்பிடிச் சுவரின் மேல், வெளி ஓரத்தை ஒட்டி 25×3 பட்டையைச் சுற்றிலும் ஓட்டவும். இந்தப் பட்டையே ஒரு இடிதாங்கிதான். மூன்றாம் வகுப்பில் 15×15 மீட்டர் வரை ஒரே கட்டமாக விடலாம் என்பதால் 9×12 மாடிக்கு நடுவில் குறுக்குப் பட்டை தேவையில்லை. மீட்டருக்கு ஒரு கிளாம்ப் போதும்.

நூறு மீட்டர் ஆரம் காக்கும் என்று சொல்லி விற்கும் விசேஷ முனைகளைப் பற்றிப் பலர் கேட்பார்கள். ஐஎஸ்/ஐஇசி 62305 கம்பியின் உண்மையான அளவை மட்டுமே கணக்கில் எடுக்கிறது, முனைக்குள் என்ன இருக்கிறது என்பதற்குக் கூடுதல் ஆரம் தருவதில்லை. அந்தப் பணத்துக்குப் பட்டை வாங்குங்கள்.

சோலார் பேனலோ டிஷ் ஆன்டெனாவோ மாடியில் இருந்தால் அவை கம்பிகளுக்குக் கீழே, கோளம் தொடாத இடத்தில் இருக்க வேண்டும். பட்டையை ஒட்டியும் இருக்கக் கூடாது. மூன்று இறங்கு பட்டைகள் உள்ள இந்த வீட்டில் மாடி மட்டத்தில் காற்றில் சுமார் 20 செ.மீ., செங்கல் சுவர் நடுவே இருந்தால் 35 செ.மீ. விலக்கு போதும் என்று கணக்கு வருகிறது. கொஞ்சம் தாராளமாக அரை மீட்டர் விடுங்கள்.

6. இறங்கு பட்டைகள்

மூன்றாம் வகுப்புக்குச் சுற்றளவில் 15 மீட்டருக்கு ஒன்று என்பது விதி. 42 மீட்டர் சுற்றளவுக்கு மூன்று. ஒன்று மட்டும் வைத்தால் மொத்த மின்சாரமும் அதே வழியில் இறங்கும், பக்கத்துச் சுவருக்குள் ஓடும் வீட்டு ஒயருக்குத் தாவும் வாய்ப்பும் கூடும். மூன்றாகப் பிரிந்தால் ஒவ்வொன்றின் சுமையும் குறையும்.

நேராக, குறுகிய வழியில் இறக்கவும். சன்ஷேடைச் சுற்றி வளைத்து ஒரு கொக்கி போல் கொண்டுவருவது பெரிய தவறு. இடியின் மின்சாரம் கண் இமைக்கும் நேரத்துக்கும் மிகக் குறைவான நேரத்தில் ஏறி இறங்குவதால், வளைவின் இரு முனைகளுக்கும் நடுவே பெரும் மின்னழுத்தம் உண்டாகி அது வளைவைத் தாண்டிப் பாயும். சன்ஷேடில் துளை போட்டு நேராக விடுவது மேல். மழைநீர்க் குழாய்க்குள் பட்டையை விடக் கூடாது, ஈரத்தில் சீக்கிரம் அரித்துவிடும்.

தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒவ்வொரு பட்டையிலும் ஒரு டெஸ்ட் கிளாம்ப் வைக்கவும். இரண்டு எட்டு மி.மீ. போல்ட் போட்டு, ஸ்பேனரால் கழற்றக்கூடிய இணைப்பு. இது இல்லாவிட்டால் பின்னால் எர்த்தை மட்டும் தனியாக அளக்கவே முடியாது.

பட்டையின் கீழ்ப்பகுதியை ஆட்கள் கை வைக்காதபடி தடித்த பி.வி.சி. பைப்பால் மூடவும். இரும்புப் பைப்பால் மூடுவது தவறு, அது மின்சாரத்துக்குத் தடையாக நிற்கும். கேட், திண்ணை, குழந்தைகள் விளையாடும் மூலை, இவற்றின் அருகே பட்டை இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு வழியில்லை என்றால் அதைச் சுற்றி 3 மீட்டர் வரை 15 செ.மீ. கனத்தில் ஜல்லி பரப்பவும். பி.வி.சி. மூடியிருந்தாலும் இடி நேரத்தில் அங்கே நிற்கக் கூடாது என்பது மாறாது.

7. இரண்டு எர்த்தையும் ஒன்றாக இணைக்கவும்

இடிதாங்கி எர்த்தை வீட்டு எர்த்தோடு சேர்க்கவே கூடாது என்று நம்மூரில் பழைய நம்பிக்கை ஒன்று உண்டு. கணக்கைப் பாருங்கள். 30,000 ஆம்பியர் இடி ஒன்று 10 ஓம் எர்த்தில் இறங்கினால் அந்தக் கணத்தில் இடிதாங்கி எர்த் 3,00,000 வோல்ட்டுக்கு ஏறும். வீட்டு எர்த் தனியாக இருந்தால் அது கிட்டத்தட்ட பூஜ்யத்தில் நிற்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது உங்கள் சுவர், மோட்டார், வாஷிங் மெஷின். மின்சாரம் அங்கேதான் தாவும். 5 ஓமாக இருந்தாலும் பாதி வோல்ட் வருமே தவிரப் பிரச்சினை தீராது. ஓமை இறக்குவதைவிட இணைப்பது முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான்.

மெயின் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு எர்த் பார் வைத்து, வளையத்தின் நான்காவது பட்டை, வீட்டின் பழைய எர்த் குழி, இரும்பாக இருந்தால் தண்ணீர்க் குழாய், ஆன்டெனாக் கம்பம் எல்லாவற்றையும் அதில் சேர்க்கவும். பாரிலிருந்து வளையத்துக்குப் போகும் இணைப்பு செம்பானால் குறைந்தது 16 சதுர மி.மீ. இருக்க வேண்டும். நியூட்ரலை மட்டும் இந்தப் பாரில் சேர்க்காதீர்கள்.

உள்ளே வரும் பேஸ், நியூட்ரல் ஒயர்களை நேரடியாக எர்த்தோடு கட்ட முடியாது. அந்த வேலையைச் செய்வதுதான் சர்ஜ் புரொடெக்டர். வெளியே இடிதாங்கி வைத்தால் மெயின் போர்டில் டைப் 1 வகை கட்டாயம். மும்முனை இணைப்புக்கு முனை ஒன்றுக்குக் குறைந்தது 12.5 கிலோ ஆம்பியர், 10/350 என்று அதன் மேல் அச்சிட்டிருக்க வேண்டும். 8/20 என்று மட்டும் போட்டிருப்பது டைப் 2, நேரடி இடியின் சக்தியை அது தாங்காது. புரொடெக்டரின் இரு பக்க ஒயரும் சேர்ந்து அரை மீட்டருக்குள் அடங்கட்டும். ஒயர் நீண்டால் அதன் மேல் விழும் வோல்ட்டும் சேர்ந்து டி.வி.க்குப் போகும். இந்த வேலையை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன், மெயினை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும்.

8. ரீடிங் எடுப்பது

முதலில் பல்ப் சோதனையை மறந்துவிடுங்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைப் போட்டு, அது பளிச்சென்று எரிந்தால் எர்த் நன்று என்று சொல்வார்கள். அந்த பல்பின் தடையே சுமார் 529 ஓம். எர்த் 50 ஓம் என்று மோசமாக இருந்தாலும் பல்புக்கு 210 வோல்ட் கிடைக்கும், பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. எர்த் அதைவிட மிக மோசமாக இருந்தால், அந்த நேரத்தில் எர்த்தைத் தொடுபவருக்கு ஷாக்கும் அடிக்கலாம்.

இரண்டு கட்டமாக அளக்கவும். முதலில், வளையத்தோடு இணைக்கும் முன் ஒவ்வொரு பைப்பையும் தனியாக. மின்சார முளையை பைப்பிலிருந்து 30 மீட்டர் தள்ளியும், மின்னழுத்த முளையை அதே நேர்கோட்டில் 18.5 மீட்டரிலும் அடிக்கவும். இது 62 சதவீத இடம். இங்கே 30 முதல் 40 ஓமுக்குள் வந்தால் நம் கணக்கோடு பொருந்துகிறது. ஒரு பைப் மட்டும் 80, 90 என்று காட்டினால் அதைச் சுற்றிப் பென்டோனைட் சரியாக இறங்கவில்லை, அல்லது அந்த மூலையில் பாறை இருக்கிறது.

இரண்டாவது, எல்லாம் இணைத்து மண் மூடி, சில நாள் இறுகிய பிறகு. மூன்று டெஸ்ட் கிளாம்ப்களையும் கழற்றி, மெயினை நிறுத்தி, எர்த் பாருக்குப் போகும் பட்டையையும் கழற்றவும். அளந்து முடித்து அதைத் திரும்ப மாட்டும் வரை மெயினைப் போடக் கூடாது. வளையத்தின் மூலைவிட்டமே 18 மீட்டர் என்பதால் 30 மீட்டர் ஒயர் இங்கே பொய் சொல்லும். மின்சார முளை மூலைவிட்டத்தைப் போல் ஐந்து மடங்கு, அதாவது 90 மீட்டர் தள்ளி இருக்கட்டும். மின்னழுத்த முளை 56 மீட்டரில்.

ரீடிங் வந்ததும் எழுதிவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். மின்னழுத்த முளையை 47 மீட்டருக்கும் 65 மீட்டருக்கும் நகர்த்தி மீண்டும் அளக்கவும். 5.0, 5.1, 5.2 என்று பக்கத்தில் பக்கத்தில் வந்தால் நடு ரீடிங்கை நம்பலாம். 3.9, 5.1, 8 என்று ஏறிக்கொண்டே போனால் வளையத்தின் மின்சாரம் பரவும் மண்ணும் மின்சார முளையின் மண்ணும் ஒன்றோடொன்று கலந்திருக்கிறது, தூரத்தைக் கூட்டியே ஆக வேண்டும். முளைகள் செல்லும் கோடு தண்ணீர்க் குழாய்க்கோ பக்கத்து வீட்டு எர்த்துக்கோ இணையாகப் போனாலும் ரீடிங் பொய்யாக இறங்கும். கோட்டைத் திருப்பி, வேறு திசையில் ஒருமுறை அளந்தால் தெரிந்துவிடும்.

தெருவில் 90 மீட்டர் இடமே இல்லாவிட்டால் தனித்தனிப் பைப் ரீடிங்கையும் மண் தன்தடையையும் வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குறுகிய தூரத்தில் எடுத்த ரீடிங்கை உறுதியான எண் என்று எழுத வேண்டாம்.

கிளாம்ப் மீட்டர் வகை எர்த் டெஸ்டருக்கு மின்சாரம் மண் வழியாகச் சுற்றி வர ஒரு பாதை வேண்டும். தனியாகக் கழற்றிய பைப்பில் அதைப் போட்டால் எதுவும் காட்டாது. வளையத்தோடு இணைந்த இறங்கு பட்டையில் போட்டாலோ மின்சாரம் மண்ணுக்குள் போகாமல் பட்டை வழியாகவே சுற்றிவந்துவிடும், மீட்டர் 0.1 ஓம் போல் காட்டும். அது எர்த் ரீடிங் இல்லை. ஆனால் அதே ரீடிங்கை வேறொன்றுக்குப் பயன்படுத்தலாம், மாடிப் பட்டையிலிருந்து வளையம் வரை இணைப்பு அறுபடாமல் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

9. முடித்த பிறகு

எந்த மாதத்தில் அளந்தீர்கள் என்பதை ரீடிங்கோடு சேர்த்து எழுதி வையுங்கள். ஐப்பசி மழையில் 5 ஓம் காட்டிய எர்த் சித்திரை வெயிலில் 8 ஓமுக்கு ஏறலாம். வருடா வருடம் கோடையில், மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது அளப்பதே சரி, மோசமான நிலையில் எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும். முந்தைய கோடை ரீடிங்கைவிடத் திடீரென இரு மடங்கானால் மண் காய்ந்தது மட்டும் காரணமாக இருக்காது. வளையத்தில் வெல்டிங் விட்டிருக்கலாம், ஒரே இடத்தில் விட்டால் ரீடிங் அதிகம் மாறாது என்பதால் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்திலும் இருக்கலாம். மூன்று டெஸ்ட் கிளாம்ப்களையும் கழற்றி, கீழ்ப்பக்கத்து முனைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து மில்லி ஓம் மீட்டரில் அளந்தால் எந்தப் பக்கம் அறுந்தது என்று கண்டுபிடிக்கலாம். அறுந்த பக்கத்து ஜோடி மற்றதைவிட அதிகம் காட்டும், அந்த இரண்டு இறங்கு பட்டைகளுக்கு நடுவில் தோண்டுங்கள்.

கிளாம்ப் போல்ட்களை அந்த நேரத்திலேயே கழற்றித் துரு துடைத்து, கிரீஸ் தடவி மாட்டவும். சர்ஜ் புரொடெக்டரில் உள்ள சிறு ஜன்னல் பச்சையிலிருந்து சிவப்பாக மாறியிருந்தால் உள்ளே இருப்பது எரிந்துவிட்டது, பெட்டியை மாற்ற வேண்டும். மாடியில் புதிதாக டேங்கோ சோலார் பேனலோ ஏற்றும் அன்று ஐந்தாம் பகுதியின் கணக்கை அந்தப் பொருளின் உயரத்தைப் போட்டு ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். டேங்கின் உச்சி ஒரு மீட்டர் ஏறி 11.7 மீட்டரானால் அதே கம்பத்தின் பாதுகாப்பு 2.5 மீட்டரிலிருந்து 1.4 மீட்டருக்கும் கீழே சுருங்கிவிடும்.